‘ஆதரவு தாரீர்’ என்று முடிகிற நோட்டீஸ்

முதலில் நோட்டீஸை அப்படியே தருகிறேன். ஊர்ப் பெயர், குழுவின் பெயர், போன் நம்பர்கள், பதிவெண் ஆகியவற்றை மட்டும் எடுத்துவிட்டேன்.

“அன்புடையீர் வணக்கம்! ஏழை எளிய பெண்களின் வாழ்வாதாரத்தை உயர்த்தும் நோக்கில் எங்கள் குழுவின் மூலம் தயாரிக்கப்படும், புவிசார் குறியீடு பெற்ற, 100% சுத்தமான, ஆரோக்கியமான, தரமான கோவில்பட்டி கடலைமிட்டாய் குறைந்த விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆர்டரின் பேரில் செய்து தரப்படும். ஆறு மாதம் வரை கெடாது. சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம். மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். விலை விவரங்களுக்கு நேரில் அணுகவும். ஒருமுறை வாங்கிப் பாருங்கள், மறுமுறை நீங்களே தேடி வருவீர்கள். ஆதரவு தாரீர்!”

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பக்கம் ஒரு கிராமத்தில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவினுடையது இது. பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில் ஐந்து பேர் மட்டும் மிட்டாய் போடுகிறார்கள். அச்சடித்தது தீர்ந்துபோனதால் மறுபடி அடிக்க வேண்டும், “எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க தம்பி” என்று குழுத் தலைவி கொடுத்தார். எழுத்துப் பிழை இரண்டே இரண்டுதான் இருந்தது. ஆனால் இந்தப் பத்து வரிக்குள் ஒரு நல்ல மிட்டாய் காணாமல் போயிருக்கிறது. எப்படிப் போனது, அதை எப்படித் திரும்பக் கொண்டுவரலாம் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

இந்த மொழி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். இதை மளிகைக்கடைக்காரரோ மிட்டாய்க் கம்பெனியோ எழுதினால் இப்படி வராது. இது மனு எழுதுகிற மொழி. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு என்ற அமைப்பு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வழியாகத் தொடங்கியது. பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. சேமிப்பு, கடன், திட்டம், மானியம் என்றுதான் குழுவின் வாழ்க்கை போகிறது. அவர்கள் எழுதிப் பழகியதெல்லாம் தீர்மான நோட்டும் வங்கி மேலாளருக்கு விண்ணப்பமும்தான். ‘ஏழை எளிய பெண்களின் வாழ்வாதாரம்’ என்ற தொடர் அந்தத் தாள்களில் வேலை செய்யும். கடன் கொடுக்கிறவருக்கு அது தெரிய வேண்டிய விஷயம். மிட்டாய் வாங்குகிறவருக்கு அது முதல் வரியில் வந்தால், அவர் மனதில் ஓடுவது வேறு: “சரி, உதவிக்கு ரெண்டு பாக்கெட் வாங்குவோம்.” அப்படி வாங்கினவர் அடுத்த மாதம் வாங்க மாட்டார். உதவி ஒரு தடவை செய்கிற காரியம். கடலைமிட்டாய் மாதாமாதம் தீர்ந்துபோகிற பண்டம்.

அதே அலுவலகத் தமிழிலிருந்து வந்ததுதான் ‘செய்து தரப்படும்’ என்ற வினையும். யார் செய்கிறார்கள், யார் தருகிறார்கள்? அந்த வினையில் ஆள் இல்லை. ரேஷன் கடைப் பலகையில் ‘மண்ணெண்ணெய் வழங்கப்படும்’ என்று எழுதலாம், அங்கே ஆள் தேவையில்லை. ஐந்து பெண்கள் அடுப்பு முன்னால் நின்று செய்கிற பண்டத்துக்கு ‘படும்’ போட்டால் அவர்கள் ஐந்து பேரையும் நாமே அழித்துவிடுகிறோம். அதனால் திருத்தியதில் நான் முதலில் செய்தது, எல்லாப் ‘படும்’களையும் ‘கிறோம்’ ஆக்கியது. வறுக்கிறோம், பொறுக்குகிறோம், காய்ச்சுகிறோம். இது இலக்கண விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ‘கிறோம்’ என்று எழுதினவுடனே “என்னத்தைச் செய்கிறோம்?” என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பதில் எழுதாமல் வாக்கியம் முடியாது.

அந்தப் பதிலைத் தேடி இரண்டு நாள் அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்தேன்.

ஒரு சட்டிக்கு ஆறு கிலோ கடலைப்பருப்பு. முதலில் முறத்தில் போட்டுச் சொத்தை பொறுக்குகிறார்கள். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் போகும். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு மறுபடி ஒரு பார்வை. ஏனென்றால் சில சொத்தைகள் தோலுக்குள் ஒளிந்திருந்து, வறுத்த பிறகுதான் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கடலையில் பூஞ்சை என்பது கசப்போடு முடிகிற சமாசாரம் இல்லை. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அந்தப் பூஞ்சையிலிருந்துதான் வருகிறது, வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத கடலையிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால் கையால் பொறுக்குவது பரிசோதனைக் கூடத்துக்கு ஈடாகாது. ஆனாலும் அபாயத்தைக் குறைக்கிற வழிகளில் இதுதான் முதல் வழி. சின்னக் குழுவால் நன்றாகச் செய்ய முடிந்த வழியும் இதுதான். இரண்டு தடவை கையால் பொறுக்குகிறார்கள். நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘100% சுத்தமான’ என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கடையில் 90% சுத்தம் என்று போட்டிருக்கிறார்கள்?

பொறுக்கி, வறுத்து, தோல் நீக்கின பிறகு ஆறு கிலோ ஏறக்குறைய ஐந்தே கால், ஐந்தரைக் கிலோவாக நிற்கும். வெல்லம் மூன்று கிலோ இருநூறு. அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி மண்ணும் சக்கையும் நீக்கி, மறுபடி காய்ச்சுகிறார்கள். வெல்லத்தில் மண் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வடிகட்டாத மிட்டாய் கடிக்கும்போது நறநற என்னும்.

அடுத்தது பாகு. இங்கேதான் எல்லாமே இருக்கிறது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். முதலில் கரையும். கொஞ்ச நேரத்தில் உருட்ட வரும், ஆனால் மெத்தென்று இருக்கும். இன்னும் காய்ந்ததும், அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். முன்னாடியே இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், நாலு நாளில் வேர்க்கும். பிந்தினால் கசப்பு ஏறிவிடும், அதை வேறு எதுவும் போட்டு மறைக்க முடியாது. இறக்கினதும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வெட்ட வேண்டும். சில நிமிஷ வேலை. ஆறினால் கத்தி இறங்காது, நொறுங்கும்.

ஆக ஆறு கிலோ என்பது ஏழ்மையின் அளவு இல்லை. அது நாலு கைகள் சில நிமிஷத்தில் தேய்த்து வெட்டக்கூடிய அளவு. பன்னிரண்டு கிலோ ஒரே சட்டியில் போட்டால் ஒரு மூலை வெட்டி முடிக்கும்போது மறுமூலை இறுகியிருக்கும். சிறிய ஈடு என்பதற்கு இங்கே ஒரு தொழில் காரணம் இருக்கிறது. (ஒரு தடவை அடுப்பில் ஏற்றி இறக்குவதை இந்தப் பக்கம் ‘ஈடு’ என்பார்கள். இட்லிக்கும் ஈடு, மிட்டாய்க்கும் ஈடு. ‘பேட்ச்’ என்று எழுத வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்றே அகராதி தொகுத்த மண் இது. இடைசெவல் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.) நோட்டீஸோ இந்தச் சிறிய அளவை ஒளித்து வைக்கப் பார்க்கிறது. ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்ற சொல் அதற்காகத்தான் அங்கே இருக்கிறது.

அந்த ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சட்டியில் பலகையில் ஒட்டினது, ஓரம் உதிர்ந்தது எல்லாம் போக எட்டு கிலோ இருநூறு கிராம் மிட்டாய் தேறுகிறது. 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 41 பாக்கெட். நாளைக்கு இரண்டு சட்டி, வாரத்துக்கு நாலு நாள். மற்ற நாட்களில் காட்டு வேலை, நூறு நாள் வேலை, வீடு. ஆக வாரத்துக்கு 328 பாக்கெட். அதில் பக்கத்துக் கடைகளுக்கும் சந்தைக்கும் போவது 150 சொச்சம். புதிதாக ஆர்டர் கொடுக்கிறவருக்கு மிஞ்சுவது வாரத்துக்கு 170 பாக்கெட், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட 500 பாக்கெட் கேட்டிருக்கிறார்கள். எட்டு நாள் அவகாசம். நோட்டீஸில் ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்று இருக்கும்போது முடியாதென்று எப்படிச் சொல்வது? ஒத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் கொடுக்காமல் இதையே போட்டாலும் 500 பாக்கெட்டுக்கு ஏழு வேலைநாள் வேண்டும், அதாவது அவர்கள் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வாரம். எட்டு நாளில் முடிக்க ராத்திரி போட்டார்கள், சட்டிக்கு எட்டு கிலோ போட்டார்கள், பாகு பதம் தவறியது. கடைசி நூறு பாக்கெட் வேர்த்துப்போய் தாளில் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் பணம் குறைத்தார்கள். இதில் யார் குற்றம் என்று கேட்டால், நான் அந்த இரண்டு சொற்களைத்தான் சொல்வேன்.

அடுத்தது ஆறு மாதம். நோட்டீஸ் ஆறு மாதம் என்கிறது, பாக்கெட் லேபிளில் மூன்று மாதம் என்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற வாடிக்கையாளர் இரண்டையும் நம்ப மாட்டார். உண்மையில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், “மழை இல்லாத காலத்துல ரெண்டு மாசம் நல்லாருக்கும். ஐப்பசி கார்த்திகையில ஒன்றரை மாசம்” என்று பதில் உடனே வருகிறது. அவர்களுக்குத் தெரியும். வெல்லம் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அடைமழையில் பிசுபிசுக்கும். வெயில் காலத்தில் வேறு சிக்கல்: கடலையின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு பாக்கெட் எடுத்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பிரித்து, ஒட்டுகிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதினால் இந்த ஒன்றரை மாதம் வெறும் வாய்வார்த்தையாக இருக்காது. இப்போது அதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவரை குறைந்ததையே போடுவோம், 45 நாள் என்று முடிவாயிற்று. லேபிளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

தலைவி அக்காவுக்கு இதில் மனசு ஒப்பவில்லை. “நாப்பத்தஞ்சு நாள்னு போட்டா, இது என்ன சீக்கிரம் கெட்டுப்போற சரக்கான்னு நினைக்க மாட்டாகளா? பெரிய கம்பெனிக்காரன்லாம் ஆறு மாசம் போடுறானே” என்றார். நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனி ஈரமும் காற்றும் புகாத உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி அடைக்கிறது. இவர்கள் சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகுவர்த்தியில் ஒட்டுகிறார்கள். உறை மாறினால் நாளும் மாறலாம், ஆனால் அதையும் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை கம்பெனியின் நாளைக் கடன் வாங்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னேன். 45 நாள் என்று போட்டால் கடைக்காரர் மூன்று மாதச் சரக்கு எடுத்து அடுக்க மாட்டார், மாதத்துக்கு ஒரு தடவை கேட்பார். ஐந்து பேர் குழுவுக்கு அதுதான் வசதி. இதை அவர் ஒப்புக்கொண்டார், முதல் காரணத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

‘சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ என்ற வரியைப் பேச்சுக்கே இடமில்லாமல் அடித்துவிட்டேன். வெல்லத்தில் பெரும்பங்கு சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறுகிற விஷயத்தில் வெள்ளைச் சீனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இவர்கள் கணக்குப்படியே 20 கிராம் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 7 கிராம் வெல்லம் இருக்கிறது. இது சட்ட விஷயமும்கூட. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்கிற மாதிரியான பேச்சைத் தடுக்கின்றன. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, யாராவது இதை நம்பிச் சாப்பிடுவார்கள் என்பதுதான். அந்த இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய எச்சரிக்கையோ இல்லை. நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாமை தரும், அது லேபிளில் இருந்தாக வேண்டும். நோட்டீஸிலும் ஒரு வரி போட்டால் படிக்கிறவருக்கு ‘இவங்களுக்கு விஷயம் தெரியும்’ என்று படும்.

இப்போது ‘புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய்’. இதுதான் இருப்பதிலேயே சிக்கலான வரி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. கரிசல் மண் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்த ருசி என்பதுதான் அதன் பேர். ஆனால் குறியீடு கிடைத்தது பண்டத்தின் பெயருக்கு. அதைப் பதிவு செய்தது கோவில்பட்டி வட்டாரத் தயாரிப்பாளர்கள், வியாபாரிகள் சங்கம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரைக் குறியீடாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று சென்னையிலுள்ள பதிவகத்தில் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழு பதியவில்லை. அந்த வட்டாரத்திலேயே இருந்து, அதே முறையில் செய்தாலும், பதியாமல் அந்தப் பெயரில் விற்க முடியாது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இவர்கள் கடலை எங்கே வாங்குகிறார்கள்? அறுப்பு முடிந்த சில மாதம் சுற்று வட்டாரத்துக் கரிசல் கடலை. மற்ற மாதங்களில் கமிஷன் கடையில் கிடைப்பது, அது எந்த ஊர் மண் என்று யாருக்குத் தெரியும்? ஆக விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிற பழக்கம் வேண்டும். அந்த எழுத்து இல்லாமல் கரிசல் கடலை என்ற சொல்லையும் நான் நோட்டீஸில் விடவில்லை. குழுவில் எல்லாருக்கும் வருத்தம்தான். சொந்த ஊர்ப் பெயரையே எடுக்கச் சொல்கிறானே என்று. பெயரை எடுக்கவில்லை, முகவரியில் வைத்தேன். முகவரி பொய் சொல்லாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரும் விடுகிற விஷயம். உணவுப் பாதுகாப்புப் பதிவெண் 14 இலக்கம். நோட்டீஸில் 13 தான் இருந்தது, அச்சகத்தில் ஒன்று விழுந்துவிட்டது. சிறு தயாரிப்பாளரின் பதிவு என்றால் முதல் இலக்கம் 2, உரிமம் என்றால் 1. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. நம்பரைப் பார்த்ததும் எண்ணிப் பார்க்கிற வாடிக்கையாளர்கள் இப்போது இருக்கிறார்கள். 13 இலக்கம் என்றால் அவர்கள் அச்சுப்பிழை என்று நினைக்க மாட்டார்கள்.

ஈட்டு எண்ணும் இப்போதுதான் வந்தது. பாக்கெட்டில் தேதியோடு சட்டி எண்ணையும் ரப்பர் ஸ்டாம்பில் அடிக்கிறார்கள். 1401-2 என்றால் ஜனவரி 14, இரண்டாவது சட்டி. நோட்டில் அந்த எண்ணுக்கு நேராகக் கடலை மூட்டை எது, வெல்லம் எது, பாகு பார்த்தது யார் என்று ஒரு வரி. இதன் பலன் உடனே தெரிந்தது. ஒரு கடைக்காரர் மூன்று பாக்கெட் ஒட்டுகிறது என்று திருப்பி அனுப்பினார். மூன்றிலும் ஒரே எண். அந்த எண்ணில் இருந்தது மொத்தம் 41 பாக்கெட். எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்து மீதியை மாற்றிக் கொடுத்தார்கள், மற்ற சரக்கைத் தொடவில்லை. பெரிய ஆலையில் ஒரு ஈடு கெட்டால் டன் கணக்கில் தேட வேண்டும். சின்னதாகச் செய்வதில் உள்ள இந்தப் பலத்தைத்தான் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையை அச்சடிப்பது கோவில்பட்டிக்குப் புதுசு இல்லை. தீப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை குச்சி என்று போட்டிருக்கும், ‘சராசரி’ என்ற சொல்லோடு. 2021 டிசம்பரில் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது, குச்சியும் 36-லிருந்து 50 ஆகிறது என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். ‘எக்கச்சக்கமான குச்சிகள்’ என்று எந்தத் தீப்பெட்டியிலும் எழுதவில்லை.

திருத்தின நோட்டீஸ் இது:

கடலைமிட்டாய்
200 கிராம் பாக்கெட், 10 துண்டு

கடலையை இரண்டு தடவை கையால் பொறுக்குகிறோம்: வறுக்கும் முன் ஒரு தடவை, தோல் நீக்கிய பின் ஒரு தடவை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பிறகே பாகு காய்ச்சுகிறோம். தண்ணீரில் விட்ட பாகு தட்டில் ‘டங்’கென்று கேட்டால்தான் இறக்குகிறோம்.

ஒரு சட்டிக்கு ஆறு கிலோ கடலைதான் போடுகிறோம். அதற்கு மேல் போட்டால் பாகு ஆறுவதற்குள் வெட்டி முடிக்க முடியாது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதியும் சட்டி எண்ணும் இருக்கும். குறை இருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

சேர்ந்திருப்பது: நிலக்கடலை, வெல்லம். வேறு எதுவும் இல்லை. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும். செய்த நாளிலிருந்து 45 நாளுக்குள் சாப்பிடவும். பிரித்த பிறகு மூடியுள்ள டப்பாவில் வைக்கவும்.

ஆர்டர்
20 பாக்கெட் கொண்ட பெட்டியாகத் தருகிறோம். ஒரு பெட்டியிலிருந்து வாங்கலாம்.
150 பாக்கெட் வரை: 10 நாள் முன்னதாகச் சொல்லவும்.
அதற்கு மேல் 500 வரை: நான்கு வாரம் முன்னதாகச் சொல்லவும். 500-க்கு மேல் எடுப்பதில்லை.
பாதித் தொகை முன்பணம். பஸ் பார்சல், கூரியர் செலவு தனி.
பாக்கெட் விலை: ரூ. ______ இந்த விலை ______ வரை.
போன்: காலை 10 முதல் மாலை 5 வரை, குழுச் செயலாளர் பேசுவார்.

கீழே குழுவின் பெயர், கிராமம், கோவில்பட்டி வட்டம், 14 இலக்கப் பதிவெண்.

‘500-க்கு மேல் எடுப்பதில்லை’ என்ற வரியில்தான் பெரிய வாக்குவாதம். “வர்ற லட்சுமிய வேண்டாங்கறதா?” என்று வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லி செயலாளர் அவருக்குப் பதில் சொன்னார், நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை. நான்கு வாரம் எப்படி வந்தது என்றால், வாரத்துக்கு மிஞ்சுகிற 170-ஐ மூன்று வாரம் சேர்த்தால் 510. ஒரு வாரம் மழைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் விட்டது.

விலைக் கோட்டை வெறுமையாக விட்டதற்குக் காரணம் உண்டு. கடலை விலையும் வெல்ல விலையும் ஒரே சீசனில் ஏறி இறங்கும். அச்சில் போட்டால் ஆயிரம் நோட்டீஸும் இரண்டு மாதத்தில் பொய்யாகும். போடாமல் ‘நேரில் அணுகவும்’ என்றால், மதுரையில் இருப்பவர் நேரில் எப்படி வருவார்? அவர் மனதில் ‘ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள்’ என்றுதான் ஓடும். அதனால் பேனாவால் விலையும் தேதியும் எழுதுகிற கோடு. கையெழுத்தில் இருக்கிற விலை புதுசாகத் தெரியும், அதுவும் ஒரு வசதி.

நிறம் பற்றி ஒரு வரி இருந்தது, கடைசியில் எடுத்துவிட்டோம். இவர்கள் மிட்டாய் கொஞ்சம் கறுப்பு. வெல்லத்தை வெளுக்க ஹைட்ரோஸ் போடுகிற பழக்கம் பல ஆலைகளில் உண்டு, அதனால் ‘கறுப்பாக இருப்பதே நல்ல வெல்லம்’ என்று எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் கறுப்பு என்பது நல்லதற்குச் சாட்சி ஆகாது. பழைய வெல்லமும் கறுக்கும், பாகு முற்றினாலும் கறுக்கும். சோதித்துப் பார்க்காத வெல்லத்துக்கு நிறத்தை வைத்து நற்சான்று கொடுக்க முடியாது.

நோட்டீஸ் 500 மட்டும் அடித்திருக்கிறோம், ஆயிரம் இல்லை. எடுத்து வைத்த பாக்கெட்டுகள் 60 நாள் தாங்குகிறது என்று காட்டினால் 45 மாறும். புவிசார் குறியீட்டுப் பதிவுக்கு மூட்டைக் கணக்கு எழுத ஆரம்பித்தாயிற்று. அது கிடைத்தால் தலைப்பில் ‘கோவில்பட்டி’ சேரும். அதற்காக மேல் ஓரத்தில் ஒரு சொல் அளவு இடம் விட்டிருக்கிறது.